மூடுவதற்கு முன் பார்த்துவிடுங்கள்: பிளான் அப்ரூவல் முதல் சாவி வரை

கேள்வி: ஐயா, காவேரிப்பட்டணம் பக்கத்தில், முன்பு மாந்தோப்பாக இருந்து டி.டி.சி.பி. அங்கீகாரத்தோடு பிரித்த இடத்தில் அப்பா 1,800 சதுரடி மனை வாங்கி வைத்திருக்கிறார். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். என் பெயரில் வங்கிக் கடன் வாங்கி 1,000 சதுரடியில் தரைத்தள வீடு கட்டப் போகிறோம். காண்ட்ராக்டர் மெட்டீரியலோடு சதுரடிக்கு 2,300 ரூபாய் சொல்கிறார், ஆரம்பிக்க 8 லட்சம் கேட்கிறார். பிளான் அப்ரூவலில் இருந்து சாவி வாங்கும் வரை எது எப்போது நடக்கும்? என்னென்ன காகிதம் வைத்துக்கொள்ள வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்னால் வர முடியும்.

பதில்:

தம்பி, வேலை தொடங்கும் முன் உங்கள் வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டியது ஒன்று இருக்கிறது. மனை அப்பா பெயரில், கடன் உங்கள் பெயரில் என்கிறீர்கள். பிளான் அப்ரூவல் மனையின் உரிமையாளர் பெயரில்தான் கிடைக்கும். நீங்கள் பணம் போட்டுக் கட்டினாலும் வீடு காகிதத்தில் அப்பாவுடையதாகவே இருக்கும், வங்கியும் அவரைக் கடனில் சேர்க்காமல் விடாது. உடன்பிறந்தவர்கள் இருந்தால் பின்னால் பேச்சு வரும் இடம் இது. உங்கள் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதுவதாக இருந்தால் அதை முதலில் முடித்து, பட்டாவையும் மாற்றிவிட்டு, பிறகு அப்ரூவலுக்குப் போங்கள். பாதி கட்டிய பிறகு பெயர் மாற்றினால் அப்ரூவல், கடன், மின் இணைப்பு, வீட்டு வரி என்று ஒவ்வொன்றையும் திரும்பத் தொட வேண்டியிருக்கும். அப்பா பெயரிலேயே இருக்கட்டும் என்றால் அதுவும் சரிதான். அப்போது எல்லாக் காகிதமும் ஒரே பெயரில், ஒரே எழுத்துக்கூட்டலில், ஒரே இனிஷியலோடு இருக்கட்டும்.

அடுத்து மனையின் அளவு. பத்திரத்தில் உள்ள அளவு, பட்டாவில் உள்ள பரப்பு, சர்வே எண்ணுக்கான எஃப்.எம்.பி. வரைபடம், அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட் வரைபடத்தில் உங்கள் மனை எண், இவை நான்கும் ஒத்துப்போக வேண்டும். பட்டாவும் வரைபடமும் eservices.tn.gov.in தளத்தில் கிடைக்கும். வில்லங்கச் சான்றை tnreginet.gov.in தளத்தில் எடுக்கலாம். தோட்டமாக இருந்து பிரித்த மனைகளில் பட்டா இன்னும் பழைய உரிமையாளரின் கூட்டுப் பட்டாவிலேயே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு சர்வேயரை வைத்து நான்கு மூலைக்கும் கல் நட்டு, கல்லோடு போட்டோ எடுத்துவிடுங்கள்.

அப்ரூவல் இப்போது முன்பு போல இழுப்பதில்லை. 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்துவிட்டது. 2,500 சதுரடி வரையுள்ள மனையில், 3,500 சதுரடிக்குள், தரைத்தளமோ அதன் மேல் ஒரு மாடியோ கட்டுபவர் onlineppa.tn.gov.in தளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் ஒப்புதல் உடனே கிடைக்கும். உங்கள் வீடு இதற்குள் வருகிறது. ஆனால் ‘சுயசான்று’ என்றால் நீங்கள் கொடுத்த அளவுக்கு நீங்களே பொறுப்பு. அளவு தவறு என்று பின்னால் தெரிந்தால் ஒப்புதலை ரத்து செய்யலாம். அதனால் வரைபடத்தை ஒரு பொறியாளரிடமே போடச் சொல்லுங்கள், மனையைச் சுற்றி விட வேண்டிய இடத்தை அவர் தளத்தில் டேப் வைத்துக் காட்டட்டும். இன்னொன்று: வங்கிக்கு ஒரு பிளான், அப்ரூவலுக்கு ஒரு பிளான், கட்டுவது வேறு ஒன்று என்று பலர் செய்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வங்கிப் பொறியாளர் ஒவ்வொரு தவணைக்கும் வந்து அப்ரூவல் பிளானை வைத்துத்தான் பார்ப்பார். நடுவில் ஒரு அறையைக் கூட்டினாலும் திருத்திய பிளானுக்கு ஒப்புதல் வாங்கிவிட்டுக் கட்டுங்கள்.

இனி நீங்கள் கேட்ட 8 லட்சம். மொத்த ஒப்பந்தம் 23 லட்சம். ஒரு செங்கல் கூட வைக்காமல் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுத்துவிட்டால், வேலையில் குறை இருந்தாலும் நீங்கள் நிறுத்திக் கேட்க முடியாது. எவ்வளவு வேலை முடிந்ததோ அதைவிடக் கொஞ்சம் குறைவாகவே உங்கள் பணம் போயிருக்க வேண்டும். நான் எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தங்களில் இப்படி வைப்பேன்: கையெழுத்துப் போடும்போது 5 சதவீதம், அதாவது 1,15,000. பேஸ்மட்டம் முடிந்ததும் 15 சதவீதம், 3,45,000. லிண்டல் மட்டத்துக்கு இன்னொரு 3,45,000. ரூஃப் கான்கிரீட்டுக்கு 25 சதவீதம், 5,75,000. அதில் பாதி கான்கிரீட் போட்டதும், மீதி சென்ட்ரிங் பிரித்துப் பார்த்த பிறகும். ஒயரிங், பைப், பூச்சு முடிந்தால் 20 சதவீதம், 4,60,000. டைல்ஸ், கதவு, பெயிண்ட், ஃபிட்டிங்ஸ் முடிந்தால் 3,45,000. கடைசி 1,15,000 ரூபாயைச் சாவி வாங்கியதும் கொடுத்துவிடாதீர்கள், ஒரு ஐப்பசி மழை பார்த்த பிறகு கொடுப்பதாக எழுதுங்கள். காண்ட்ராக்டருக்குச் செங்கல், சிமெண்ட் வாங்கப் பணம் வேண்டும்தான். அதற்குக் கடைக்காரரின் கணக்குக்கு நீங்களே நேராக அனுப்பி, அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தத்தில் தகராறு வருவது பெரும்பாலும் சதுரடிக் கணக்கில்தான். உங்கள் வீட்டு முன்னால் 80 சதுரடி போர்டிகோ வருகிறது என்று வையுங்கள். அதை முழுக் கணக்காக எடுத்தால் 1,84,000 ரூபாய், பாதிக் கணக்கானால் 92,000. மாடிப்படிக்கு மேலே வரும் ஹெட்ரூம், சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், போர் ஆகியவை 2,300-க்குள் அடங்குமா, தனியா என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். சிமெண்ட், கம்பி எந்தக் கம்பெனி, டைல்ஸ் சதுரடி என்ன விலை வரை, கதவு என்ன மரம் என்பதும் அதிலேயே இருக்கட்டும். இரண்டு பேரும் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடுங்கள், அப்ரூவல் பிளானின் நகலும் அதோடு சேரட்டும்.

ஞாயிறு மட்டும் வந்தால் போதுமா என்றால், போதாது. வீட்டில் பல வேலைகள் முடிந்த மறுநாளே மண்ணுக்குள்ளோ கான்கிரீட்டுக்குள்ளோ பூச்சுக்குள்ளோ போய்விடும், பிறகு யாராலும் திறந்து பார்க்க முடியாது. அதற்காக நான்கு நாள் லீவு எடுத்துவிடுங்கள். கடைக்கால் குழி தோண்டி முடித்த நாள், ரூஃப் கம்பி கட்டி முடித்த நாள், பூச்சுக்கு முந்தைய நாள், கடைசியில் அளவெடுத்து ஒப்படைக்கும் நாள். ஒப்பந்தத்திலேயே ‘இந்த மூன்று வேலையையும் உரிமையாளர் பார்க்காமல் மூடக் கூடாது, இரண்டு நாள் முன்னால் தகவல் சொல்ல வேண்டும்’ என்று ஒரு வரி சேருங்கள்.

முதல் நாள் உங்களுக்கு மற்றவர்களைவிட முக்கியம், ஏனென்றால் உங்கள் மனை மாந்தோப்பாக இருந்தது. தோப்பைப் பிரிக்கும்போது மரத்தை ஜே.சி.பி. வைத்து வேரோடு பிடுங்கி, அந்தப் பள்ளத்தில் பக்கத்து மண்ணைத் தள்ளி மேலே சமமாக்கி விடுவார்கள். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. பில்லர் குழிகளில் ஏழெட்டு நல்ல சரளையில் நிற்கும், ஒன்றோ இரண்டோ அந்தப் பழைய பள்ளத்துக்குள் இறங்கியிருக்கும். வீட்டின் பாரம் ஏறியதும் அந்த மூலை மட்டும் இறங்கும், ஜன்னல் மூலையில் இருந்து சாய்வாக விரிசல் கிளம்பும். குழி திறந்திருக்கும்போது இதைக் கண்டுபிடிப்பது எளிது. நல்ல குழியின் அடியில் மண் ஒரே நிறமாக, கெட்டியாக இருக்கும், கடப்பாரை போட்டால் கணீரென்று துள்ளும். பழைய பள்ளத்தில் மண் கலவையாக, கருமையாக, அழுகிய வேர்த் துண்டுகளோடு இருக்கும், கடப்பாரை ஒரே குத்தில் புதைந்துவிடும். எல்லாக் குழியிலும் போட்டுப் பாருங்கள். புதைகிற குழியில் கெட்டி மண் வரும் வரை இன்னும் தோண்டச் சொல்லுங்கள். கூடுதலாக இறங்கிய ஆழத்தை மெலிந்த கான்கிரீட் போட்டு நிரப்ப வேண்டும். எடுத்த மண்ணையே திருப்பித் தள்ளி மேலே ஃபுட்டிங் போட விடாதீர்கள். இந்தக் கூடுதல் ஆழத்துக்குக் காண்ட்ராக்டர் தனியாகப் பணம் கேட்பது நியாயமே, கன அடிக்கு என்ன விலை என்று முன்பே பேசி வைத்தால் அன்றைக்குச் சண்டை வராது. நம் பகுதியில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்: ஒரு பக்கம் பாறை தட்டும், மறுபக்கம் மண். அப்படி வந்தால் வேலையை நிறுத்தி டிசைன் போட்ட பொறியாளரைக் கூப்பிடுங்கள், மேஸ்திரி தானாக முடிவெடுக்கும் இடமில்லை அது.

ஒவ்வொரு குழியிலும் டேப்பை நிறுத்தி, பில்லர் எண்ணைச் சுண்ணாம்பில் பக்கத்தில் எழுதி, ஒரு போட்டோ. கம்பிக் கூடை இறக்கியதும் இன்னொன்று. கம்பி நேராக மண்ணில் படக் கூடாது, ஃபுட்டிங்கில் 50 மில்லிமீட்டர், பில்லரில் 40 மில்லிமீட்டர் கவர் பிளாக் வைத்திருக்க வேண்டும்.

பேஸ்மட்டம், சுவர், லிண்டல் வேலைகள் கண்ணுக்குத் தெரிந்தே நடப்பவை, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் போதும். ஒன்றை மட்டும் அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள்: பேஸ்மட்டத்துக்குள் மண் நிரப்பும்போது அரை அடிக்கு ஒரு தரம் தண்ணீர் விட்டுத் திமிசு போட வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே டைல்ஸ் ஒட்டினால் இரண்டு வருஷத்தில் தரை குழியும். தரைக் கான்கிரீட்டுக்கு முன் கரையான் மருந்து அடித்தால் அந்த ரசீதையும் உத்தரவாதக் கடிதத்தையும் வாங்கி வையுங்கள்.

இரண்டாவது லீவு நாள், ரூஃப் கான்கிரீட்டுக்கு முந்தைய நாள். மேலே ஏறி, டிசைன் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கம்பிக்குக் கம்பி இடைவெளியை டேப்பில் அளந்து பாருங்கள். ஆறு அங்குலம் என்று போட்டிருந்தால் ஏழு இருக்கக் கூடாது. அடிக்கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டர் கவர் பிளாக் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் சில வருஷத்தில் சீலிங் பெயர்ந்து துருக் கம்பி தெரியும். சுவர், பீம் இவற்றின் மேலே வரும் மேல்கம்பி, போர்டிகோ, சன்ஷேடு போன்ற வெளியே நீட்டிய பகுதிகளின் முக்கியக் கம்பி, இவை மேல்பக்கம் இருக்க வேண்டியவை. மறுநாள் ஆட்கள் மிதித்து மிதித்து அவை கீழே அமுங்கிவிடும், நீட்டிய தளம் பின்னால் உடைவதற்கு முக்கியமான காரணம் அதுதான். அதைத் தாங்கிப் பிடிக்கச் சேர் கம்பி வைத்திருக்கிறார்களா, நடக்கப் பலகை போட்டிருக்கிறார்களா என்று பார்க்காமல் இறங்காதீர்கள்.

கான்கிரீட் அன்று முடிந்தால் நீங்களோ உங்கள் பொறியாளரோ கலவைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். எம்20 தரக் கான்கிரீட்டில் ஒரு மூட்டை சிமெண்டுக்கு 27 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டாம், மணலில் உள்ள ஈரமும் அதற்குள் அடங்கும். சுலபமாகத் தள்ளலாம் என்று ஆட்கள் கூடுதலாக ஊற்றுவார்கள், அங்கேதான் கான்கிரீட் பலம் போகிறது. உங்கள் 1,000 சதுரடி, ஐந்து அங்குல ரூஃபுக்குச் சுமார் 12 கன மீட்டர் கான்கிரீட் ஆகும், பீம் சேர்த்தால் கொஞ்சம் கூடும். இந்த அளவுக்கு இரண்டு மாதிரி, மாதிரிக்கு மூன்று வீதம் ஆறு கியூப், அதாவது அச்சில் வார்த்த சோதனைக் கான்கிரீட் கட்டிகள், எடுக்க வேண்டும். 15 சென்டிமீட்டர் கியூபை 28 நாள் தண்ணீரில் வைத்து, சிவில் துறை உள்ள கல்லூரி ஆய்வகத்தில் உடைத்துப் பார்த்தால், எம்20 என்பதற்கு ஒவ்வொன்றும் சுமார் 450 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். செலவு சொற்பம். கியூப் எடுக்கப் போகிறோம் என்று முன்பே சொல்லிவிட்டால் கலவையிலும் கவனம் வந்துவிடும்.

பி.பி.சி. சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், நம் ஊர் வெயிலுக்கு 14 நாள் நல்லது. சென்ட்ரிங்கை அவசரமாகப் பிரிக்க விடாதீர்கள். அறைத் தளத்துக்கு 14 நாள், பீமுக்கு 21 நாள் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் வாடகைப் பலகை திருப்பித் தர வேண்டும் என்ற பேச்சு எழாது.

மூன்றாவது நாள் பூச்சுக்கு முன். சுவரை வெட்டி ஒயரிங் பைப்பும் தண்ணீர் பைப்பும் பதித்திருப்பார்கள். தண்ணீர் பைப்பை அடைத்து, பிரஷர் பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றி, இரவு முழுக்க முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே பூசச் சொல்லுங்கள். ஒவ்வொரு அறையிலும் நான்கு சுவரையும், மூலையில் டேப்பை விரித்து வைத்து, வரிசையாகப் போட்டோ எடுங்கள். நாளைக்கு கீசர் மாட்டவோ அலமாரி அடிக்கவோ துளை போடும்போது, பைப் எங்கே போகிறது என்று காட்ட வேறு எதுவும் இருக்காது. பில்லரும் சுவரும் சேரும் இடத்தில் கோழி வலை அடித்திருக்கிறார்களா என்பதையும் அன்றே பாருங்கள்.

நான்காவது நாள் அளவும் ஒப்படைப்பும். டைல்ஸ் மேல் நடந்து நாணயத்தால் தட்டிப் பாருங்கள், பொள்ளென்று சத்தம் வருவதைப் பெயர்த்து ஒட்டச் சொல்லுங்கள். குளியலறையிலும் மொட்டை மாடியிலும் தண்ணீர் ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். கதவுகள் தானாக நகர்கின்றனவா, எர்த் கம்பி இருக்கிறதா, மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. டெஸ்ட் பட்டன் அழுத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். குறைகளைத் தேதியோடு எழுதி இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். வெளி அளவை இருவரும் சேர்ந்து டேப் பிடித்து, ஒப்பந்தத்தில் எழுதிய முறைப்படி கணக்கு முடித்து, ‘இன்ன தேதி வரை இவ்வளவு கொடுத்தாயிற்று, இவ்வளவு பாக்கி’ என்று ஒரு கணக்கு முடிப்புக் கடிதம் வாங்குங்கள். உங்கள் அளவு தனி வீட்டுக்குப் பணி நிறைவுச் சான்று கட்டாயமில்லை. ஆனாலும் பிளானின்படி முடிந்தது என்று உங்கள் பொறியாளரின் கடிதம் ஒன்று வங்கிக்குத் தேவைப்படும், அதை ஒரு நகலோடு வாங்குங்கள்.

கட்டும்போது வாங்கிய தற்காலிக மின் இணைப்பின் கட்டணம் வீட்டு இணைப்பைவிட அதிகம். குடிபோகும் முன்பே வீட்டு உபயோகத்துக்கு மாற்ற மின்வாரியத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். வீட்டு வரி விதிக்கவும் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அந்த முதல் ரசீது பின்னால் எந்தக் கட்டடம் எப்போது எழுந்தது என்று காட்டும்.

காகிதங்களை மூன்று கோப்பாகப் பிரித்து வையுங்கள். முதலாவதில் இடத்துக்கானவை: பத்திரம், மூலப் பத்திரங்களின் நகல், பட்டா, வில்லங்கச் சான்று, லேஅவுட் ஒப்புதல், செட்டில்மெண்ட் எழுதினால் அதுவும். இரண்டாவதில் கட்டடத்துக்கானவை: ஒப்புதல் ஆணை, ஒப்புதல் பெற்ற வரைபடம், கட்டணம், தொழிலாளர் நல வரி ரசீதுகள், ஸ்ட்ரக்சுரல் வரைபடம், கம்பி அட்டவணை, கியூப் சோதனை முடிவு, நாம் எடுத்த போட்டோக்கள், குறைப் பட்டியல். மூன்றாவதில் பணத்துக்கானவை: ஒப்பந்தம், தவணைக்குத் தவணை கையெழுத்து ரசீது, வங்கிப் பரிமாற்றச் சான்று, சிமெண்ட், கம்பி, டைல்ஸ், மோட்டார் பில், வாரண்டி அட்டை. கொஞ்சமும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், கூலி ரொக்கம்தான் போகும். ஆனால் பெரிய தவணைகள் வங்கி வழியே போகட்டும். என்றைக்காவது விற்க நேர்ந்தால் கட்டிய செலவை நிரூபிப்பது அந்தச் சீட்டுகள்தான்.

கடனுக்காக வங்கி அசல் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். கொடுக்கும்போது எந்தெந்த அசல், எத்தனை பக்கம் என்று எழுதி, அவர்கள் முத்திரை போட்ட பட்டியல் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். கடன் முடிந்த 30 நாளுக்குள் வங்கி அசலைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பரில் இருந்து ரிசர்வ் வங்கியின் விதி. அந்தப் பட்டியல் கையில் இருந்தால் எது வரவில்லை என்று நீங்கள் காட்ட முடியும்.